முகம் உரிவது மருந்து வேலை செய்வதன் அடையாளமா?

"வயது 24. சொந்த ஊர் மதுரை, வேலை டெல்லியில். கன்னத்திலும் நெற்றியிலும் பரு. தோல் மருத்துவர் ட்ரெடினோயின் 0.025 சதவீத க்ரீமை இரவில் பட்டாணி அளவு தடவச் சொன்னார். தினமும் தடவி 9 நாள் ஆகிறது. வாயோரமும் மூக்கோரமும் உரிந்து எரிகின்றன, பருவும் கூடியிருக்கிறது. உரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று பொருள், விடாமல் தடவு என்கிறாள் அறைத் தோழி. தொடரட்டுமா, நிறுத்தட்டுமா? இந்த டிசம்பர் பனிமூட்டத்தில் சன்ஸ்க்ரீன் எதற்கு?"

இன்றிரவு தடவாதீர்கள். வெறும் தண்ணீரில் முகம் கழுவினாலும் மாய்ஸ்சரைசர் பூசினாலும் எரிச்சல் இல்லை என்ற நிலை வரும்வரை க்ரீமை ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் நான்கைந்து இரவுகள் போதும். பிறகு அதே க்ரீமை வேறு முறையில் மீண்டும் தொடங்குங்கள். மருந்தையே கைவிடத் தேவையில்லை. மருந்து சரியானதுதான், தொடங்கிய வேகம்தான் கூடிவிட்டது. கிழக்கு டெல்லியில் தோல் மருத்துவராக இருக்கும் என்னிடம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே முகத்தோடு பலர் வருகிறார்கள். வருபவர்களில் பாதிப் பேருக்கு யாரோ ஒருவர் உங்கள் தோழி சொன்னதையே சொல்லியிருப்பார்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ட்ரெடினோயின் என்பது வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் அமிலம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாக்களும் 1969-இல் இதைப் பருவுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். அக்காலத்தில் முகம் சிவந்து உரிவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே பலரும் எண்ணினார்கள். இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. வெயிலால் முதுமையடைந்த தோலில் 0.1 சதவீத க்ரீமையும் 0.025 சதவீத க்ரீமையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1995-இல் வெளியானது. 48 வாரங்கள் கழித்து இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். எரிச்சல் மட்டும் வலிமையான க்ரீமில் தெளிவாகக் கூடுதல். அது பருவைப் பற்றிய ஆய்வு இல்லை என்றாலும், எரிச்சலும் பலனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்பதை அது காட்டியது.

மருந்து உண்மையில் வேலை செய்யும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மயிர்க்காலின் உட்சுவரிலும் தோல் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பரு வரும் முகத்தில் அவை தனித்தனியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அடைப்பாகின்றன. நீங்கள் இன்று கண்ணாடியில் பார்க்கும் பரு, பல வாரங்களுக்கு முன்பே இப்படி ஒரு நுண்ணிய அடைப்பாகத் தொடங்கியது. ட்ரெடினோயின் அந்தச் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது இன்றைய பருவைவிட, பிப்ரவரியில் வரவிருக்கும் பருவின் மீதுதான் அதன் கை ஓங்கியிருக்கிறது. அதனால்தான் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவாமல், பரு வரக்கூடிய பரப்பு முழுவதும் தடவச் சொல்கிறோம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம்முடைய நிறம். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் எந்த அழற்சியும் கறுப்புத் தழும்பை விட்டுச் செல்லக்கூடும். பரு ஆறிய இடத்தில் கறுப்பாக நிற்பதும் அதுதான். மருந்தால் ஏற்படும் எரிச்சலும் ஓர் அழற்சியே. பரு போக வேண்டும் என்று தடவிய க்ரீமால் வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து, அது மங்க மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வெள்ளைத் தோலுக்காக எழுதிய அறிவுரைகளில் இந்த ஆபத்துக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

இனி, பரு கூடியிருப்பது பற்றி. இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒரே சமயத்தில் உங்கள் முகத்தில் நடக்கின்றன என்று நினைக்கிறேன். ஏற்கெனவே உள்ளே இருந்த அடைப்புகள் மருந்தால் வேகமாக மேலே வருவது ஒன்று. அது வழக்கமாக உங்களுக்குப் பரு வரும் இடங்களிலேயே, உங்கள் விஷயத்தில் கன்னத்திலும் நெற்றியிலும், சிறுசிறு பருக்களாக வரும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கும், பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் ஓய்ந்துவிடும். எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. மற்றது எரிச்சல். அது பருவே வராத இடங்களில், வாயோரம், மூக்கின் பக்கவாட்டு மடிப்பு, கண்ணுக்குக் கீழே, தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் பட்டையாகச் சிவந்து, காய்ந்து, எரியும். முதலாவதைப் பொறுமையாகக் கடக்கலாம். இரண்டாவதைக் கண்டால் இடைவெளி விட வேண்டும். இமை வீங்குவது, நீர்க் கொப்புளம், நீர் கசிவது, தாங்க முடியாத அரிப்பு, இவற்றில் எது வந்தாலும் அது மூன்றாவது வகை. க்ரீமை முழுவதும் நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

பட்டாணி அளவு என்று சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள், ஆனால் எந்தப் பட்டாணி என்று நான் கேட்டுவிடுவேன். டெல்லிக் குளிர்காலச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் கொழுத்த பச்சைப் பட்டாணி அல்ல. சுண்டலுக்கு ஊறவைக்கும் முன் இருக்கும் காய்ந்த பட்டாணி. அது ஏறக்குறைய கால் கிராம். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். பச்சைப் பட்டாணியை மனத்தில் வைத்துப் பிதுக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்துவிடும். சரிபார்க்க எளிய வழி உண்டு. இரவுக்குக் கால் கிராம் என்றால் 20 கிராம் ட்யூப் 80 இரவுகளுக்கு வர வேண்டும். ஒரு மாதத்தில் ட்யூப் தீர்ந்து மறுபடி மருந்துக்கடைக்குப் போனேன் என்று யாராவது சொன்னால், முகத்தைப் பார்க்காமலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிடும். உங்கள் ட்யூப் 9 நாளில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பட்டாணியை விரல் நுனியில் எடுத்து ஒரே இடத்தில் அப்பக் கூடாது. நெற்றியில் ஒரு புள்ளி, இரண்டு கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று முதலில் பிரித்து வையுங்கள். மூக்குக்கு விரலில் மிஞ்சியிருப்பதே போதும். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லப் பரப்புங்கள். பூசிய பின் வெள்ளையாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது. க்ரீம் மடிப்புகளில் போய்த் தேங்கும் குணமுடையது. உங்களுக்கு வாயோரமும் மூக்கோரமும் முதலில் உரிந்ததற்கு அதுவே காரணம். அதனால் க்ரீமுக்கு முன்பே உதட்டின் இரு ஓரத்திலும் மூக்கு மடிப்பிலும் வெளிக்கண் ஓரத்திலும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவிவிடுங்கள். அது ஒரு வரப்புபோல நின்று தடுக்கும்.

டெல்லியில் டிசம்பர் மாதம் இந்த மருந்தைத் தொடங்குபவருக்கு மதுரையில் தொடங்குபவரைவிடச் சிரமம் அதிகம். காற்று காய்ந்திருக்கிறது, கீசரில் சூடேறிய தண்ணீரில் முகம் கழுவுகிறோம், அறையில் ஹீட்டர் எரிகிறது. மூன்றும் சேர்ந்து தோலின் மேற்பரப்பில் இருக்கும் பாதுகாப்புப் பசையை எடுத்துவிடுகின்றன. வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீர், நுரை குறைந்த மென்மையான ஃபேஸ்வாஷ், துண்டால் ஒற்றி எடுப்பது, இவை போதும். ஹீட்டரை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். கழுவியவுடன் தடவாமல் 20 முதல் 30 நிமிடம் பொறுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக உள்ளே இறங்கி எரிச்சலைக் கூட்டும். அந்த இடைவெளியில் மாய்ஸ்சரைசரை முதலில் பூசிக்கொள்வது உங்களுக்கு நல்லது. அது ஊறிய பின் ட்ரெடினோயின், தேவைப்பட்டால் அதன் மேல் இன்னொரு பூச்சு மாய்ஸ்சரைசர். மருந்தின் வேகம் சற்றுக் குறையலாம். இந்தக் கட்டத்தில் அதுதான் நமக்கு வேண்டும். கிளிசரின் அல்லது செரமைடு உள்ள, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசராகப் பார்த்து வாங்குங்கள், விலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை ஒரு மாணவியின் அனுபவத்தோடு சொல்கிறேன். திருநெல்வேலிப் பெண், குடிமைப் பணித் தேர்வுக்காக ராஜேந்தர் நகரில் அறையெடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். உங்களைப் போலவே 0.025 சதவீதம், உங்களைப் போலவே குளிர்கால ஆரம்பம். முதல் இரண்டு வாரமும் வாரத்தில் இரண்டே இரவுகள் என்றேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் என்பதால் திங்களும் வியாழனும் என்று அவரே முடிவு செய்தார். மூன்றாம் வாரம் மூன்று இரவுகள். அப்போதுதான் நெற்றியில் ஏழெட்டுச் சிறு பருக்கள் ஒன்றாகக் கிளம்பின. பதறிப்போய் வந்தார். எரிச்சலும் சிவப்பும் இல்லை, வந்ததெல்லாம் வழக்கமான இடத்தில்தான், ஆகவே தொடரச் சொன்னேன். ஐந்தாம் வாரம் ஒன்று விட்டு ஒரு இரவு. எட்டாம் வாரம் தினமும் தடவிப் பார்த்தார். நான்காம் இரவிலேயே வாயோரம் உரிந்தது. இரண்டு இரவு ஓய்வு கொடுத்துவிட்டு, மறுபடி ஒன்று விட்டு ஒரு இரவுக்குத் திரும்பினார். அதோடு நிறுத்திக்கொண்டோம். தினமும் தடவியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தோல் தாங்கும் இடைவெளியில் மாதக்கணக்கில் தடவுபவர், தினமும் தடவி மூன்றாம் வாரம் கைவிடுபவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

அவரிடம் நான் கேட்டுக்கொண்ட இன்னொன்று, ஞாயிறு காலை ஒரே ஜன்னல் அருகில் நின்று ஒரு புகைப்படம். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. பன்னிரண்டாம் வாரத்தில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்தபோதுதான் அவருக்கே புரிந்தது. வாரத்துக்கு எட்டுப் பத்து என்று வந்துகொண்டிருந்த புதுப் பரு இரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. பழைய கறுப்புத் தழும்புகள் அப்போதும் இருந்தன. அவை மெல்ல மங்கத் தொடங்கியது ஆறாம் மாதத்தை ஒட்டித்தான்.

உங்களுக்கும் அதே வரிசைதான். எரிச்சல் அடங்கியதும் வாரம் இரண்டு இரவில் தொடங்குங்கள். இரண்டு வாரம் சிரமமின்றிக் கடந்தால் மட்டும் ஒரு இரவைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு இரவுகூட எரிந்தால், தடவி அரை மணி நேரத்தில் கழுவிவிடும் முறையை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அது நல்ல படிக்கட்டாக இருந்திருக்கிறது.

இப்போது சன்ஸ்க்ரீன். பனிமூட்டத்தில் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பனிமூட்டம் புற ஊதாக் கதிர்களை முழுவதும் தடுத்துவிடுவதில்லை. அவற்றில் தோலைக் கறுக்கவைக்கும் நீண்ட அலை வகை மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். அதோடு டெல்லியில் குளிர்காலம் என்பது மக்கள் தாமே தேடிப் போய் வெயிலில் உட்காரும் காலம். கோடையில் மதிய வெயிலுக்கு ஒதுங்கும் நாம், டிசம்பரில் அதே மதியத்தில் மொட்டை மாடியில் நிலக்கடலை கொறித்துக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டி ஒரு மணி நேரம் உட்கார்கிறோம். ட்ரெடினோயின் தடவும் தோலின் மேலடுக்கு இந்த மாதங்களில் மெலிந்திருக்கும், வெயில் சுலபமாகச் சுடும், பருத்தழும்பு இன்னும் கறுக்கும்.

அளவில்தான் மறுபடி எல்லோரும் தவறுகிறார்கள். இரவு மருந்தைத் தாராளமாக அப்புகிறார்கள், பகலில் சன்ஸ்க்ரீனைப் பட்டாணி அளவில் முடித்துக்கொள்கிறார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் முகத்துக்கும் கழுத்துக்கும். ஒரேயடியாகப் பூச முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் பூசுங்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், நீண்ட அலைக் கதிரையும் தடுக்கும் வகையாக இருக்கட்டும். வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு பூசிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெளியில் போவதாக இருந்தால் மறுபடி ஒரு முறை. கறுப்புத் தழும்பு உங்களுக்குப் பெரிய கவலை என்றால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்க்ரீனைத் தேர்ந்தெடுங்கள். நம் நிறத் தோலைச் சாதாரண வெளிச்சமும் கறுக்கவைக்கும். அதை நிறமில்லாத சன்ஸ்க்ரீன்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மருந்தை இரவில் தடவச் சொல்வதற்கும் வெளிச்சம்தான் காரணம். ட்ரெடினோயின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். பருவுக்குத் தரும் பென்சாயில் பெராக்சைடும் பல வகை ட்ரெடினோயின் க்ரீம்களைச் சிதைக்கும். அதுவும் உங்கள் சீட்டில் இருந்தால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை இன்றே செய்து முடியுங்கள், ட்யூபின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படியுங்கள். ட்ரெடினோயின் என்ற ஒரே மருந்து இருக்க வேண்டும். அதோடு ஹைட்ரோகுவினோன், மோமெட்டசோன் அல்லது ஃப்ளூவோசினோலோன் என்ற பெயர்களும் இருந்தால், அது மங்குக்காகக் குறுகிய காலம் மருத்துவர் மேற்பார்வையில் தடவ வேண்டிய மூன்று மருந்துக் கலவை. கடைசி இரண்டும் ஸ்டீராய்டு. முகம் பளிச்சென்று ஆகும் என்று சொல்லி இதைச் சீட்டில்லாமல் விற்கும் கடைகள் நம் நாட்டில் ஏராளம். முகத்தில் ஸ்டீராய்டால் நேரும் பாதிப்பை எதிர்த்துத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. இந்தக் கலவையின் தந்திரம் கொடுமையானது. ஸ்டீராய்டு எரிச்சலை மறைத்துவிடுவதால் முதல் மாதம் முகம் அழகாகத் தெரியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு முன்பைவிடக் கொத்தாக வரும், நிறுத்தினால் இன்னும் சீறும். உங்கள் முகம் 9 நாளில் எரிகிறது என்பதே உங்களிடம் இருப்பது தனி ட்ரெடினோயின்தான் என்று நினைக்கவைக்கிறது. என்றாலும் படித்துவிடுங்கள்.

தடவும் காலத்தில் எலுமிச்சை, முல்தானி மட்டி, சொரசொரப்பான ஸ்கரப், கடலைமாவுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் நெற்றியில் பரு உள்ளவர்கள் முடியோரத்தில் வழியவிடாமல், குளித்து முடிக்கும்போது நெற்றியையும் கழுவிவிடுங்கள். மேலுதட்டில் மெழுகு வைத்து முடி எடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே க்ரீமை நிறுத்துங்கள். இல்லையென்றால் மெழுகோடு மேல்தோலும் சேர்ந்து வரும். பார்லரில் ப்ளீச் செய்வதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்த க்ரீம் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுங்கள். ஐசோட்ரெடினோயின் என்ற மாத்திரை வேறு. அது கருவுக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடியது. பெயர் ஒத்திருப்பதால் இணையத்தில் படிக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

12 வாரம் முறையாகத் தடவிய பிறகும் புதுப் பரு குறையவில்லை என்றாலோ, தாடையோரத்தில் வலியோடு கட்டியாக வந்து மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றாலோ, அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களையும் ட்யூபையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். எந்தெந்த இரவு தடவினீர்கள் என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள், அளவை மாற்றுவதா மருந்தை மாற்றுவதா என்று அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும்.